பொய் சொன்ன மூன்று மாதச் சர்க்கரை

திருச்செங்கோட்டில் நான் கிளினிக் வைத்திருந்தபோது, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருந்த ஒருவர் தன் மனைவியைக் கூட்டி வந்தார். அவளுடைய இடது முன்கை வீங்கிக் கிடந்தது. வழுக்கி விழுந்துவிட்டதாக அவரே சொன்னார்.

வந்தது கைக்காக அல்ல. வேறொரு லேபில் எடுத்த மூன்று மாதச் சர்க்கரை ரிப்போர்ட்டை மேசைமேல் போட்டார். சர்க்கரை நோய் என்று சொல்லும் அளவுக்கு மேலே இருந்தது. அது கைக்கு வந்த நாள் முதல் அவளுக்கு அரிசிச் சோற்றை நிறுத்தியிருக்கிறார். வீட்டு மிஷினில் விரலைக் குத்திப் பார்த்தாலோ ஒவ்வொரு முறையும் சரியாகவே இருந்திருக்கிறது.

"குத்தறப்ப மட்டும் பட்டினி கெடந்து ஏமாத்தறாளுங்க டாக்டரம்மா. திருட்டுத்தனமா இனிப்புத் திங்கறா. மூணு மாசக் கணக்கு பொய் சொல்லுங்களா?"

இல்லை என்பதுபோல அவள் தலையசைத்தாள். என் கண்ணெதிரே அவர் அவளை அறைந்தார். அவள் நாற்காலியோடு சரிந்தாள். எழுவதற்குள் இடுப்பில் ஒரு உதை. நர்ஸும் கம்பவுண்டரும் ஓடி வந்து அவரைச் சுவரோடு சேர்த்துப் பிடித்தார்கள். உதடு கிழிந்து அவள் சேலையில் ரத்தம் சொட்டியது.

அவளைத் தூக்கி உட்காரவைத்து, கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன். உள்ளே வெள்ளையாக வெளுத்திருந்தது. மாதவிலக்கில் பல மாதமாகவே அளவுக்கு மீறிப் போகிறது என்றாள். ரத்தம் எடுத்துப் பார்த்தோம். ஹீமோகுளோபின் பாதிதான் இருந்தது, இரும்புச்சத்து அடியோடு இல்லை. வெறும் வயிற்றிலும் குளுக்கோஸ் குடிக்கவைத்தும் பார்த்தபோது சர்க்கரை சரியாகவே இருந்தது. எக்ஸ்ரேயில் கை எலும்பு முறிந்திருந்தது.

கம்பவுண்டரைப் பக்கத்தில் காவலுக்கு நிறுத்திவிட்டு, அவரிடம் பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கினேன். ரத்தத்திலுள்ள சர்க்கரை சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்ளும். ஒரு அணு ஏறக்குறைய மூன்று நான்கு மாதம் வாழும். அதனால்தான் ஒட்டியதை அளந்தால் அத்தனை நாள் சராசரி தெரிகிறது. இரும்புச்சத்து இல்லாவிட்டால் புது அணுக்கள் குறைவாகவே பிறக்கும். ரத்தத்தில் பழைய அணுக்களே மிஞ்சும், அவற்றில் சர்க்கரை கூடுதலாக ஒட்டியிருக்கும். நோயே இல்லாதவருக்கும் எண் ஏறிக் காட்டும்.

அவர், "அப்போ சுகர் இல்லைங்களா? சரி, எந்திரி, ஊட்டுக்குப் போலாம்," என்று அவள் தோளைத் தொட்டார்.

அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"சுகர் இருந்திருந்தா அடிச்சது சரியாயிருக்குங்களா?"

அவர் மறுபடி பாய்ந்தார். கம்பவுண்டர் குறுக்கே விழுந்து இரண்டு குத்து வாங்கினார். வெளியே காத்திருந்தவர்கள் சேர்ந்து கணவரைத் தெருவுக்குத் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். நான் போலீசுக்குத் தகவல் கொடுத்துவிட்டுக் கைக்கு மாவுக்கட்டுப் போட்டேன். அன்றைக்கே குமாரபாளையத்திலிருந்து அவள் அண்ணன் வந்து அழைத்துப் போனார்.

இரும்புச்சத்து ஊசி போட்டோம். ஸ்கேனில் தெரிந்த, அந்த உதிரப்போக்குக்குக் காரணமான கர்ப்பப்பைக் கட்டிக்கு ஆபரேஷன் நடந்தது. புது அணுக்கள் வேகமாகப் பிறக்கும் காலத்தில் அந்த எண் உண்மையைவிடக் கீழேகூட இறங்கும் என்பதால், உடனே அதைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். சில மாதம் கழித்து, கணவர்மேல் போட்ட வழக்குக்காகக் கோர்ட்டில் வாய்தா முடிந்த கையோடு வந்து பரிசோதித்தாள். எண் இயல்பாக இருந்தது. பார்த்துவிட்டு அவள் சிரிக்கவில்லை. அண்ணன் வீட்டில் எல்லோருக்கும் தானே சோறாக்குவதாகவும், முதலில் தான் சாப்பிட்டுவிடுவதாகவும் சொன்னாள்.