நின்ற மோட்டாரும் துடித்தது

பம்பு மெக்கானிக், ஸ்குரு டிரைவரின் முனையை ஓடும் மோட்டாரில் வைத்து, கைப்பிடியைக் காதோடு அழுத்தியே பழுதைச் சொல்லிவிடுவார். இருபது வருடமாக அந்த வலது காது பொய் சொன்னதில்லை. இந்த மாதம் எந்த மோட்டாரில் வைத்தாலும் 'புஸ் புஸ்' என்று ஒரே சத்தம். பேரிங் போச்சு என்று மூன்று பம்புகளைப் பிரித்துப் போட்டார். மூன்றும் நன்றாக இருந்தன. முதலாளி முறைத்தார்.

நேற்று நாலு மாடி ஏறிப் போய், மொட்டைமாடிப் பம்பில் காதை வைத்தார். கரண்ட் இல்லாமல் நின்றிருந்த மோட்டாரும் துடித்தது, இன்னும் வேகமாக. இன்று நேராகக் காது டாக்டரிடம் போனார்.

காது டாக்டரம்மா அவர் நாடியைப் பிடித்தபடி, "சத்தம் கேக்கும்போதெல்லாம் மேசையைத் தட்டுங்க" என்றார். ஒவ்வொரு தட்டும் நாடியோடு சேர்ந்தே விழுந்தது. அடுத்து ஸ்டெதஸ்கோப்பை அவருடைய வலது காதுக்குப் பின்னால் வைத்துக் கேட்டார்.

"சாதாரண காது இரைச்சல்னா பல பேருக்கு ஸ்கேன் தேவைப்படாது. இது ஒரே காதுல, நாடியோட சேர்ந்து அடிக்குது. எனக்கே கேக்குது. உள்ள ரத்தக்குழாய் சுருங்கியிருக்கலாம், இல்ல தப்பா இணைஞ்சிருக்கலாம். ஸ்கேன்ல பாத்தே ஆகணும்."

மெக்கானிக் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார்.

"சத்தத்தை மட்டும் நம்பி மூணு நல்ல பம்பைப் பிரிச்சவன் நான். என்னையாவது பாத்துட்டுப் பிரிங்க டாக்டர்."