காதடைப்பும் மெடிக்கல் மாப்ளயும்

நான் மாப்ள என்று கூப்பிடும் என் மனைவியின் தம்பிக்குச் சமயநல்லூரில் மெடிக்கல் ஷாப். கவுண்டருக்குப் பின்னால் நின்று நின்று தன்னை டாக்டர் என்றே நம்பிவிட்ட ஆள். அவன் பேச்சைக் கேட்கும் வாடிக்கையாளர்களைப் பார்த்தால் அவனைவிட அவர்கள் மேல்தான் எனக்கு எரிச்சல் வரும்.

நான் ஒரு மிஷன் பள்ளியில் கிளார்க். பழைய ரெக்கார்டு ரூமைச் சுத்தம் செய்த வாரத்தில் வலது காது அடைத்துக்கொண்டது. என் குரலே பானைக்குள்ளிருந்து வருவதுபோல எனக்குக் கேட்டது. கொட்டாவி விட்டால் ‘டப்’பென்று திறக்கும், உடனே மூடிக்கொள்ளும்.

“அழுக்குதான் மச்சான், வேறென்ன?” என்று மாப்ள எட்டிக்கூடப் பார்க்காமல் சொட்டு மருந்தைக் கொடுத்தான். போட்டேன், அசையவில்லை. “அப்ப இன்ஃபெக்‌ஷன்” என்று வேறொரு சொட்டு. எம்புட்டு நம்பிக்கை அந்த முகத்தில்! அதற்கும் சரியாகவில்லை என்றதும், கொஞ்சமும் கூச்சமில்லாமல், “நரம்பு வீக்கா இருக்கும், வயசாகுதுல்ல?” என்றான்.

அதோடு கோரிப்பாளையத்தில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரம்மாவிடம் போனேன். அவர் காது மடலை இழுத்து, காதுத் துளைக்கு முன்னால் இருக்கும் குருத்தை அழுத்தினார்.

“வலிக்குதா?”

“இல்லம்மா.”

“வெளிக்காதுல புண்ணுன்னா கத்தியிருப்பீங்க.” விளக்கடித்துப் பார்த்தார். அழுக்கே இல்லை. காதுச் சவ்வு உள்பக்கமாக இழுத்துக்கொண்டிருக்கிறது என்றார். இசைக்கவையைத் தட்டி என் நெற்றி நடுவில் வைத்தார். அடைத்த காதில்தான் சத்தம் பலமாகக் கேட்டது.

“நரம்பு கெட்டிருந்தா நல்ல காதுலதான் கூடக் கேக்கும். உங்களுக்கு நரம்புல ஒண்ணும் இல்ல. காலையில தும்மலா?”

“வரிசையா வரும். மூக்கு அரிக்கும், தண்ணியா ஒழுகும்.”

“மஞ்சளாக் கெட்டிச் சளி? கன்னம், மேல்பல்லுல வலி? காய்ச்சல்?”

எதுவும் இல்லை.

“அதெல்லாம் இருந்தா சைனஸ் இன்ஃபெக்‌ஷன்னு யோசிப்பேன். இது தூசி அலர்ஜி. மூக்குக்குப் பின்னால இருந்து காதுக்கு ஒரு குழாய் போகுது. அதோட வாய் வீங்கிருச்சு, காத்து போகல. கோளாறு மூக்குல, தெரியுறது காதுல.”

பெரியவர்களுக்கு ஒரே காது அடைத்தால் மூக்கின் பின்புறத்தையும் பார்த்துவிட வேண்டும் என்று மெல்லிய குழாய்க் கேமராவை விட்டார். கட்டி எதுவும் இல்லை. மூக்கு ஸ்பிரே எழுதி, மூக்கின் நடுச்சுவரில் படாமல் வெளிப்பக்கம் பார்த்து அடிக்கச் சொன்னார். “இன்னைக்கே திறந்திரும்னு நினைக்காதீங்க. விடாம அடிங்க. திடீர்னு காதே கேக்கலன்னா மட்டும் அன்னைக்கே ஓடி வரணும்.”

முதலில் தும்மல் நின்றது. சில வாரங்களில் காதும் திறந்தது.

திருப்பரங்குன்றத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் மாப்ள என் பக்கத்து இலையில் உட்கார்ந்தான். எதிரே இருந்தவரிடம் சொன்னான்: “மச்சானுக்குக் காது சுத்தமா அடைச்சிருந்துச்சுண்ணே. நம்ம சொட்டுதான் திறந்துவிட்டுச்சு.”

அந்த மனுஷரும் தன் காதைத் தொட்டுக்கொண்டே அவன் கடை எங்கே என்று விசாரித்தார்.

“அண்ணே, மூக்கு அரிக்குதா, தண்ணியா ஒழுகுதா?” என்று நான் குறுக்கே கேட்டேன்.

“மூக்குக்கும் காதுக்கும் என்ன தம்பி சம்பந்தம்?” என்று சிரித்தார். மாப்ளயும் சேர்ந்து சிரித்தான். இரண்டு சிரிப்பும் எனக்குத் தெளிவாகவே கேட்டன.