ஒரு நாளைக்கு ஒன்று

பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய் வாங்குகிறவன் வாயிலிருந்து ‘நல்லா இருக்கு’ என்று வரவே கூடாது. வந்தால் அந்த நிமிடமே விலை ஏறிவிடும். கேரளாவுக்குப் போகிற லாரிகளுக்குக் காய் பிடித்துக்கொடுப்பதுதான் என் தொழில். வெண்டைக்காய் பிஞ்சாகப் பளபளவென்று இருந்தாலும் முகத்தைச் சுளித்து, “முத்தலா இருக்கே அண்ணாச்சி” என்று ஆரம்பிப்பேன். இருபது வருடமாக இதே வேலை. நான் குறை சொல்லவில்லை என்றால் சரக்கு பிரமாதம் என்று லோடு ஏற்றுகிறவர்களுக்குக்கூடத் தெரியும்.

வீட்டிலும் அப்படித்தான் இருந்தேன். என் மனைவி வைக்கிற குழம்பை மறுபேச்சில்லாமல் சாப்பிட்டு எழுந்தால் நல்லாயிருந்தது என்று பொருள். அவளுக்கு இது தெரியும் என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன். எவ்வளவு பெரிய மடையன்!

போன வருடம் சாரல் தொடங்கிய முதல் வாரம், அவளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு குற்றாலத்துக்குப் போனேன். குளித்துவிட்டு, ஈரத்தலையோடு ஒரு கடையில் பரோட்டா சாப்பிட உட்கார்ந்தோம். முதல் வாய் உள்ளே போனதும் நான் சத்தமாகச் சொன்னேன்: “அண்ணாச்சி, சால்னா பிரமாதம் போங்க! யார் வச்சது?” கடைக்காரர் சிரித்து, இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டுப் போனார். என் மனைவி தன் தட்டைத் தள்ளி வைத்தாள். திரும்பி வரும் வழியில், மேலகரம் நெருங்கும்போது பின்னாலிருந்து அவள் குரல் வந்தது.

“கல்யாணம் ஆகி இருபத்திரண்டு வருசத்துல என்னைப் பாத்து ஒரு தடவ அப்படிச் சொன்னதில்ல. அவருக்கு மட்டும் மொத வாயிலயே சொல்லுதிய.”

“ஏட்டி, நான் உன்னை எங்க குறை சொன்னேன்?” என்று கேட்டேன், ரொம்ப நியாயம் பேசுகிறவன் மாதிரி.

“குறை சொல்லாம வாங்கிட்டுப் போறதுக்கு நான் என்ன கத்திரிக்கா மூட்டையா?”

அதோடு அவள் பேச்சு நின்றுபோனது. சண்டை என்றால் எனக்குப் பழக்கம், இரண்டு நாளில் தீர்ந்துவிடும். இது சண்டையே இல்லை. இட்லி வந்தது, துவைத்த சட்டை வந்தது, எங்களோடு இருக்கிற என் அப்பாவுக்கு மாத்திரை நேரம் தவறாமல் போனது. ஆனால் தட்டை வைத்துவிட்டு அவள் உள்ளே போய்விடுவாள். முன்பெல்லாம் நான் சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்து தெருக்கதை முழுவதும் சொல்வாள். காசு கொடுத்துச் சாப்பிடுகிற மெஸ்ஸில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது எனக்கு. மிச்ச வாழ்நாள் முழுவதும் இப்படியே போய்விடுமோ என்று நிஜமாகவே பயந்துவிட்டேன்.

சரி, பாராட்டித்தானே ஆகவேண்டும், பாராட்டிவிடுவோம் என்று இறங்கினேன். காபி கொடுத்தால் தேங்க்ஸ். துண்டு கொடுத்தால் தேங்க்ஸ். கண்டக்டர் டிக்கெட் கிழிக்கிற வேகத்தில் கிழித்தேன். மூன்றாம் நாள், “நீ இல்லாட்டி இந்த வீடே இல்ல” என்று ஒரு பெரிய போடாகப் போட்டேன். அவள் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“என்ன வேணும், அதச் சொல்லுங்க.”

எனக்கு ஒன்று வேண்டித்தான் இருந்தது. என் அண்ணன் குடும்பம் சாரலுக்கு வருவதாகப் போன் வந்திருந்தது. குற்றாலத்துப் பக்கம் வீடு இருந்தால் சீசனில் சொந்தக்காரர்கள் வராமல் இருப்பார்களா? அதைச் சொன்னதும் அவள் முகத்தில், ‘நினைச்சேன்’ என்று எழுதி ஒட்டியிருந்தது. சொன்ன நல்ல வார்த்தை அத்தனையும் பாழ்.

அடுத்த நாள் சாம்பார் கிண்ணத்தைப் பார்த்ததுமே “சூப்பர்” என்றேன்.

“இன்னும் வாயிலயே வைக்கல. உப்பு போட மறந்துட்டேன், எடுத்துட்டுப் போகத்தான் வந்தேன்” என்றாள்.

அன்று மார்க்கெட்டில் எனக்கு வேலையே ஓடவில்லை. ஒரு மூட்டை பாகற்காய் அவிழ்த்து, பழக்கதோஷத்தில் கையை அடி வரைக்கும் விட்டுத் துழாவி நாலு காய் எடுத்தேன். அப்போதுதான் உறைத்தது. யாரோ ஒருவருடைய பாகற்காயை மூட்டையின் அடிவரை பார்க்கிறேன். என் வீட்டில் நடப்பதை மேலோடுகூடப் பார்த்ததில்லை. பார்க்காமல் எதைப் பாராட்டுவது? அதனால்தான் ‘சூப்பர்’, ‘பிரமாதம்’ என்று மொத்த விலைக்கு அள்ளிவிட்டிருக்கிறேன்!

அன்றிலிருந்து வாயை மூடிக்கொண்டு பார்க்க ஆரம்பித்தேன். அண்ணன் குடும்பமும் வந்து இறங்கியது. வீடு முழுக்க ஈரத்துணி. சாரல் நேரத்தில் எதுவும் காயாது, மூன்று நாளானாலும் ஒரு நசநசப்பு இருக்கும். மறுநாள் மத்தியானம் உள்ளறையை எட்டிப் பார்த்தேன். என் மனைவி அப்பாவின் பனியனை ஃபேனுக்கு நேராக விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் ஒரு பக்கம், பிறகு திருப்பி மறுபக்கம். கன்னத்தில் வைத்துப் பார்த்தாள், மறுபடியும் பிடித்தாள். சமையல்கட்டில் பாத்திரம் மலையாகக் கிடந்தது.

உள்ளே போய் அவள் பக்கத்தில் நின்றேன். பெண் பார்க்கப் போனபோதுகூட நான் இவ்வளவு கூச்சப்பட்டதில்லை.

“வருசா வருசம் சாரல்ல அப்பாவுக்கு நெஞ்சுச்சளி கட்டும். ரெண்டு வருசமாக் கட்டல. அவரு உடம்பு தேறிட்டுன்னு நினைச்சிட்டிருந்தேன். நீ பனியன இப்படிக் காயவச்சுக் குடுக்கதுதான் காரணம்னு இன்னைக்குத்தான் பாத்தேன்.”

அதோடு நிறுத்திக்கொண்டேன். மேலே ஒரு வார்த்தை சேர்த்தாலும் கெட்டுவிடும் என்று தோன்றியது.

அவள் பனியனை இறக்கினாள். “பாத்தியளா?” என்றாள். பிறகு, “கக்கத்துப் பக்கம்தான் காயவே காயாது” என்று சொல்லிவிட்டு, எப்படி மடித்துப் பிடித்தால் சீக்கிரம் காயும் என்று எனக்குக் காட்டினாள். ஐந்து நிமிடம் விடாமல் பேசினாள்! இன்னொரு பனியனை நான் வாங்கிப் பிடித்தேன்.

அதற்குப் பிறகு இதையே வழக்கமாக்கிக்கொண்டேன். ஒரு நாளைக்கு ஒன்று. அன்றைக்கு நடந்ததாக இருக்கவேண்டும், நேற்றையது செல்லாது. என்ன செய்தாள், அதனால் எனக்கோ வீட்டுக்கோ என்ன ஆனது, இரண்டையும் சொல்லவேண்டும். சொன்ன கையோடு எதையும் கேட்கக் கூடாது. அண்ணி முன்னால் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன், என் மனைவி கூச்சத்தில் நெளிந்தாள்; அதனால் தனியாக மட்டும். ஒன்றும் கண்ணில் படாத நாளில், “இன்னைக்கு எந்த வேல உயிர எடுத்துச்சு?” என்று அவளிடமே கேட்டுவிடுவேன். கேட்கக் கேட்க எனக்கே திகைப்பாக இருந்தது. நகராட்சித் தண்ணீர் வருகிற நேரம் மாறிப்போய் ஒரு மாதமாகிறது, எனக்குத் தெரியாது. என் சட்டையில் படிகிற வாழைக்கறை எப்படிப் போகிறது, அதுவும் தெரியாது. சில நாள் அவள் “ம்” என்று மட்டும் சொல்வாள். இருக்கட்டும். தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார ஆரம்பித்துவிட்டாளே!

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பதினோரு பேர் விருந்தாளிகள். காலையிலிருந்து ஐந்தருவிக்கும் வீட்டுக்கும் ஆள் ஏற்றி இறக்கியதில் எனக்கு அன்றைக்குச் சொல்லவேண்டியதே மறந்துபோனது. சாயந்தரம் பால் வாங்க வண்டியைக் கிளப்பும்போது, கை ஈரத்தைச் சேலையில் துடைத்தபடி அவள் வாசலுக்கு வந்தாள்.

“ஏங்க, இன்னைக்கு ஒண்ணும் கண்ணுல படலையோ?”

நான் வண்டியை அணைத்தேன். இந்தக் கேள்விக்காக எத்தனை லாரி காயையும் கொடுத்திருப்பேன். விருந்தாளிகள் அத்தனை பேருக்கும் காலையிலிருந்து பொங்கிப் போட்டிருக்கிறாள், நான் எதையும் நின்று பார்க்கவில்லை.

“சரி, நான் சொல்லுதேன்” என்றாள். “இடுப்புவலியோட ஆறு தடவ அருவிக்குப் போய்ட்டு வந்திய. ஒரு தடவகூட மொகத்தச் சுளிக்கல. அதனால அம்புட்டு பேரும் சிரிச்சிட்டே வந்தாங்க, எனக்கும் சோறு போட மனசா இருந்துச்சு. பாத்துட்டுதான் இருந்தேன்.”

அவள் உள்ளே போய்விட்டாள். என் இடுப்புவலியை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. வண்டியில் உட்கார்ந்தபடியே அழுதுவிட்டேன். பால் வாங்கப் போனது எவ்வளவோ நேரம் கழித்துத்தான்.