பெட்டரியைக் கழற்றி வைத்த லப்டொப்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருந்த அறையில் ஒரு மேசை போட இடமில்லை. அக்கா, அத்தான், அவர்களுடைய மூன்று பிள்ளைகள், பிறகு நான். அதனால் மொழிபெயர்ப்பு வேலையை வெள்ளவத்தையில் ஒரு நெட் கபேயில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து இருந்து செய்துவந்தேன். யுத்தம் இறுகிய வருடங்கள் அவை. வந்துபோகிறவர்களின் அடையாள அட்டை இலக்கத்தை எழுதி வைக்கச் சொல்லிப் பொலிஸ் வந்து போனதும் முதலாளி பயந்து கடையையே மூடிவிட்டார்.

வேலை தந்தது ஒரு நிவாரண அமைப்பு. வாரம் ஒரு துண்டுப்பிரசுரம். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள், பிள்ளைக்கு வயிற்றோட்டம் என்றால் இதைக் கொடுங்கள் என்ற மாதிரி. சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ வரும். நான் தமிழில் டைப் செய்து பென் டிரைவில் போட்டு வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு முதல் பம்பலப்பிட்டியில் இருந்த அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். அன்று பின்னேரமே அச்சுக்குப் போகும். ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் நான். எங்கள் தெருவொழுங்கையில் பழகிய சிங்களமும் பள்ளிக்கூடக் கன்னியாஸ்திரிகளிடம் கேட்ட ஆங்கிலமும்தான் என் படிப்பு. ஒரு வெள்ளிக்கிழமை தவறினாலும் சேர்டிபிக்கட் எங்கே என்று கேட்டுவிடுவார்கள் என்று எந்த நேரமும் பயம். அந்த வேலை போனால் எனக்கு வேறு வேலை இல்லை.

ஆகவே சொந்தமாக ஒரு லப்டொப் வாங்க வேண்டி வந்தது.

பம்பலப்பிட்டியில் பாவித்த லப்டொப் விற்கும் ஒரு முஸ்லிம் கடைக்காரர் இருந்தார். நானா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். என் கேள்விகளைக் கேட்டுக்கேட்டு அவர் ஒரு கதிரை எடுத்துப் போட்டார்.

"இரீங்க தங்கச்சி. நீங்க வாங்கி முடிக்கக்குள்ள எனக்கு வயசு போயிடும்."

இரண்டை முன்னால் வைத்தார். ஒன்று புதிது. மெல்லியது, கண்ணாடி மாதிரிப் பளபளத்த திரை. கடை லைட்டும் என் முகமும்தான் அதில் தெரிந்தன. கீகள் தட்டையாக இருந்தன. அழுத்தினால் பலகையில் விரல் குத்துகிற மாதிரி. மற்றது ஏதோ பெரிய கம்பனி பாவித்துக் கழித்தது. கறுப்பு, தடிப்பு, பாரம். திரை மங்கல், ஆனால் வெளிச்சம் அடிக்கவில்லை. கீ ஒவ்வொன்றும் ஆழமாக இறங்கி விரலோடேயே மேலே வந்தது.

ஒரு பிரசுரம் முழுவதையும் அங்கேயே அடித்துப் பார்த்தேன். எல்லாக் கீயும் ஒவ்வொன்றாக. மூடித் திறந்து, மூடித் திறந்து, இணைப்பு தளர்ந்திருக்கிறதா என்று பார்த்தேன். உள்ளங்கை வைக்கும் இடம் சுடுகிறதா என்று அரை மணித்தியாலம் கையை எடுக்காமல் இருந்தேன். மணிக்கணக்காக இருந்து அடிக்கிறவளுக்குக் கைதான் முதல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பிழையில்லை. இன்றைக்கும் பிழையென்று சொல்லமாட்டேன்.

"ஒண்டு சொல்லோணும்," என்றார் நானா. "டைப் பண்ண இதுதான் நல்லம். ஆனா பெட்டரி செத்த மாதிரித்தான். இருவது நிமிசம்தான் தாங்கும். அதுக்குப் பொறகு சொல்லாமக் கொள்ளாம நிண்டுரும். ரெண்டு கெழம பொறுத்தா புது பெட்டரி எடுத்துத் தாறன்."

"வேண்டாம் நானா. நான் பிளக் இருக்கிற இடத்திலதான் இருக்கிறனான்."

"அப்ப சரி. கரண்ட் போனா எழுதினது போயிரும். அடிக்கடி சேவ் பண்ணிக்கோங்க."

இரண்டு கிழமை பொறுக்க என்னால் முடியாது. நடுவில் இரண்டு வெள்ளிக்கிழமைகள் இருந்தன.

வெள்ளவத்தையில் ஐஸ்கிரீம் பெட்டிக்குப் பக்கத்தில் சுவரில் ஒரேயொரு பிளக் இருந்த தேநீர்க்கடையைப் பிடித்துக்கொண்டேன். அந்த மேசைக்காகக் கடை திறக்கும் முன்பே போய் நிற்பேன். இரண்டாவது கிழமை பெட்டரிப் பக்கம் சூடாவதைக் கவனித்தேன். பழைய பெட்டரிகள் வீங்கும், வெடிக்கும் என்று யாரோ சொன்னது நினைவு வந்தது. அன்று நித்திரை இல்லை. அடுத்த நாள் நானாவுக்கு கோல் எடுத்தேன்.

"பயமெண்டா கழட்டி வைங்க. வயர்ல ஓடும். பாரமும் குறையும்," என்றார்.

கழற்றினேன். பழைய துவாய்த் துண்டில் சுற்றி அலுமாரியின் அடித்தட்டில் வைத்தேன். பின்பக்கத்தில் அது இருந்த இடம் நீளமான குழியாக இருந்தது. எனக்கு அது நிம்மதியின் குழி. தோளும் நோகவில்லை. ஒரு பயமாவது குறைந்தது என்று நினைத்தேன்.

சில கிழமைகள் அப்படியே போயின. அந்த வெள்ளிக்கிழமை வேலையை மூன்று மணிக்கே முடித்துவிட்டேன். பஸ்ஸுக்குக் காத்திராமல் காலி வீதியால் நடந்தேன். வழக்கமாக வெறுமையாக இருக்கும் ஒரு திருப்பத்தில் அன்று புதிதாகச் சோதனைச் சாவடி போட்டிருந்தார்கள்.

அடையாள அட்டையைப் பார்த்த சிப்பாய் பையைத் திறக்கச் சொன்னான். லப்டொப்பைக் கண்டதும், "ஓன் கரன்ன," என்றான். போடு என்று. மரியாதையாகத்தான் சொன்னான்.

போட முடியாது, பெட்டரி இல்லை, பிளக் வேண்டும் என்று சிங்களத்தில் சொன்னேன். நல்ல சிங்களம். அட்டையில் தமிழ்ப் பெயர்; சிங்களம் எவ்வளவு நன்றாக வந்ததோ அவ்வளவு அவன் முகம் மாறியது. லப்டொப்பைத் திருப்பினான். அந்தக் குழியைக் கண்டான். உள்ளே இரண்டு விரலை விட்டு ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை தடவிப் பார்த்தான்.

"நங்கி, இதுக்குள்ள என்ன இருந்தது?" தங்கச்சி என்றுதான் கூப்பிட்டான்.

"பெட்டரி."

"பெட்டரி எங்க?"

"வீட்டில."

"ஏன் வீட்டில வச்சீங்க?"

"வெடிக்கும் எண்டு பயத்தில."

அந்த இடத்தில் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கக்கூடாது. வேறு சிங்களச் சொல் வாயில் வரவில்லை. அவன் பின்னால் நகர்ந்து இன்னொருவனைக் கூப்பிட்டான்.

பொலிஸ் நிலையத்தில் பிளக் இருந்தது. வயரைக் குத்தினதும் லப்டொப் ஒழுங்காக வேலை செய்தது. திரை முழுக்கத் தமிழ். தண்ணீரைக் கொதிக்கவைப்பது எப்படி என்று நான் வாசித்துக் காட்டினேன்.

"நீங்க வாசிக்கிறத நாங்க எப்படி நம்புறது?" என்றார் அங்கிருந்த சார்ஜன்ட். தமிழ் வாசிக்கத் தெரிந்த அதிகாரி வெளியே போயிருந்தார். சுவர் மணிக்கூட்டில் ஐந்து ஆனதைப் பார்த்தேன். பிறகு ஐந்தரை. பென் டிரைவும் அவர்களுடைய மேசையில்தான் கிடந்தது. அந்த அதிகாரி ஆறரைக்கு வந்து இரண்டு பந்தி வாசித்தார். "வயித்தோட்டம் பத்தி இருக்கு," என்று மற்றவருக்குச் சொன்னார். யாரோ சிரித்தார்கள். என்னைப் போகவிட்டார்கள். லப்டொப்பும் பென் டிரைவும் பரிசோதனைக்கு நின்றுவிட்டன.

திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போனேன். வேலை பகிர்ந்து தரும் அம்மையார் யாழ்ப்பாணத்தவர், நல்ல மனுசி. சேர்டிபிக்கட் ஒன்றும் கேட்கவில்லை.

"இருங்கோ, தண்ணி குடியுங்கோ," என்றார். "உங்களில பிழை சொல்ல இல்லை. ஆனா எங்கட பேப்பர் பொலிசில கிடக்குது எண்டு மேலிடம் பயப்படுது. இனி இஞ்ச வந்து இருந்து அடிக்கிற ஒரு பிள்ளையை எடுத்திட்டினம். நான் கதைச்சுப் பாத்தனான்."

"ஓம் மிஸ்," என்றேன்.

நான்கு மாதத்துக்குப் பிறகு லப்டொப்பைத் திருப்பித் தந்தார்கள். துவாய்த் துண்டை அவிழ்த்துப் பெட்டரியை அதன் குழியில் வைத்து வயரைக் குத்தினேன். செம்மஞ்சள் வெளிச்சம் ஒன்று மினுங்கிக்கொண்டே இருந்தது. சார்ஜ் ஏறவில்லை. நானாவிடம் கொண்டுபோனேன்.

"சார்ஜ் இல்லாம சும்மா மாசக்கணக்கா வெச்சா முழுசா செத்துரும் தங்கச்சி. இந்த மொடலுக்குப் பெட்டரி இப்ப வாறதுமில்ல." பெட்டரியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நான்தானே கழட்டச் சொன்னேன். ரோட்ட நெனக்கல்ல."

"நானும் நினைக்க இல்லை நானா."

அந்தத் தட்டைக் கீ லப்டொப் அப்போதும் விற்காமல் இருந்தது. பழையதை எடுத்துக்கொண்டு அதைத் தரமுடியும் என்றார், மிச்சத்தைப் பிறகு பார்ப்போம் என்று. அவரே அதைத் திறந்து என் பக்கம் திருப்பி, அடித்துப் பார்க்கச் சொன்னார்.

"இது போட்டா எவ்வளவு நேரத்தில திரை வரும்?" என்று கேட்டேன். வயரைக் கழற்றச் சொல்லி, சுவிட்சை அழுத்தி, மனதுக்குள் எண்ணினேன். நாற்பது வந்தது. ஒரு சிப்பாய் நாற்பது எண்ணும் வரை பொறுப்பானா என்று யோசித்தேன். அணைத்துவிட்டு இன்னொருமுறை எண்ணினேன்.

கீ ஒன்றையும் நான் தொட்டுப் பார்க்கவில்லை. அடிப்பதற்கு என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.