மின்விசிறிக்குக் கீழிருந்த கதிரை

எங்கள் ஆசிரியர் அறையில் மின்விசிறிக்கு நேர் கீழே ஒரு கதிரை இருக்கிறது. பேசாலைக் கரையில் கருவாடு காயும் மாதங்களில் கடற்காற்று விழுந்துவிட்டால், அந்த ஒரு கதிரைக்குத்தான் காற்று. அது அக்காவின் இடம். அதற்கு அவள் பூப்போட்ட துணியில் மெத்தை தைத்துப் போட்டிருந்தாள். கூடப் பிறந்தவள் அல்ல. என்னைவிட மூத்த கணித ஆசிரியை, நான் அக்கா என்றேன், அவள் என்னைத் தங்கச்சி என்றாள்.

எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம். மாற்றலாகியோ ஓய்வு பெற்றோ நீண்ட லீவிலோ போகிறவர் பிரியாவிடையில் ஏற்புரையை முடிக்கும்போது தன் கதிரையை யாருக்காவது கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். பெயர் சொல்லப்பட்டவர் எழுந்து போய் அதில் உட்காருவார், எல்லோரும் கைதட்டுவார்கள். கதிரையோடு அவருடைய வகுப்புகளும் வந்து சேரும். கைதட்டிய பிறகு மறுத்தவர் ஒருவரும் இல்லை.

மாலைதீவில் ஒரு பள்ளிக்கு நாங்கள் இருவரும் ஒன்றாகத்தான் விண்ணப்பித்தோம். ஒரே நாளில், ஆய்வுகூடத்தில் ஒரே கைபேசியை மாற்றி மாற்றி வைத்து நேர்முகம் கொடுத்தோம். இருவரையும் எடுத்தார்கள். எங்கள் வீடு கூரை போடாமல் நின்றது. அந்தச் சம்பளத்தில்தான் அது வீடாகும் என்று நானும் என் கணவரும் பேசிப் பேசியே பல இரவுகளைக் கழித்தோம். வேலையை விடாமல் சம்பளமற்ற லீவில் போவதுதான் ஏற்பாடு. அதில் ஒரு சிக்கல். லீவில் போகிறவரின் இடம் காலியான இடமல்ல, அதனால் வலயக் கல்விக் கந்தோர் பதிலுக்கு ஆள் அனுப்பாது. போகிறவரின் பாடங்களை உள்ளேயே யாராவது பார்ப்பார்கள் என்று பள்ளி அதிபர் எழுதிக் கொடுத்தால்தான் விண்ணப்பம் நகரும். பள்ளியில் கணிதத்துக்கு நாங்கள் இருவர் மட்டுமே, ஒருவர் போனால் மற்றவர் இருந்தாக வேண்டும். "உங்கட லீவுக் கடதாசியையும் பாப்பம், அவசரப்படாதேங்கோ ரீச்சர்" என்று அதிபர் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்காவுக்கு முதலில் லீவு கிடைத்தது. அவளுடைய பிரியாவிடை ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளி விட்ட பிறகு. நலன்புரிச் சங்கச் செயலாளர் வரவேற்றார், அதிபர் பொன்னாடை போர்த்தினார், மூன்று பேர் ஒரே பேச்சை மூன்று விதமாகப் பேசினார்கள். மேசையில் ரோல்ஸும் தேநீரும் ஆறிக்கொண்டிருந்தன. அக்கா எழுந்தாள். முதலில் ஆண்டவருக்கு நன்றி, பிறகு அதிபருக்கு, பிறகு எங்களுக்கு, தேநீர் ஊற்றும் அம்மாவுக்கும் மறக்காமல். "நான் ஆரையாவது நோகப் பேசியிருந்தா மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றபோது அழுதாள். நானும் அழுதேன். பிறகு கதிரையின் முதுகில் கை வைத்தாள்.

"என்ர பதினொராம் ஆண்டையும் உயர்தரத்தையும் நினைச்சுத்தான் எனக்கு நித்திரை வரேல்ல. இப்ப நிம்மதியாப் போறன். தங்கச்சி இருக்கிறா. அவவை விட்டா அந்தப் பிள்ளையளுக்கு ஆர்?"

கைதட்டல் எழுந்தது. என் கால்கள் மட்டும் எழவில்லை. பக்கத்தில் இருந்த சமய ஆசிரியை, "போங்கோ ரீச்சர், வெக்கப்படாதேங்கோ" என்று முதுகில் மெல்லத் தள்ளினாள். வெட்கமாம்! இருபது முகங்கள் சிரித்துக்கொண்டு பார்க்கும்போது, எனக்கும் வெளிநாடு போகவேண்டும் என்று எப்படிச் சொல்வது? பிள்ளைகளை வேண்டாம் என்றவள் ஆகிவிடுவேன். போய் உட்கார்ந்தேன். மெத்தையில் அவள் சூடு இருந்தது. படம் எடுத்தார்கள். அதில் நான் சிரித்திருக்கிறேன்.

ரோல்ஸ் சாப்பிடும்போது அதிபர் அருகில் வந்தார். "நல்ல மனசு ரீச்சர் உங்களுக்கு. நீங்கள் ஓமெண்டிட்டீங்கள் எண்டு அவ லீவு கேக்கேக்கையே சொன்னவ. அதாலதான் நான் சைன் வச்சனான்." அக்கா என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அறையின் மறுபக்கம் பார்த்தேன். அவள் யாருக்கோ முகவரி சொல்லிக்கொண்டிருந்தாள், என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு வந்தது கோபம்தான், இன்றும் அதற்கு வேறு பெயர் வைக்க நான் தயாரில்லை. ஆனால் அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்ற கேள்வியும் கோபத்தோடு ஒட்டிக்கொண்டே இருக்கிறது.

என் கடதாசி அதிபரின் அலுமாரியிலிருந்து வெளியே வரவில்லை. வீட்டின் பாதிக்குத் தகரம் போட்டோம்.

போன விடுமுறைக்கு அக்கா வந்தாள். முகத்தில் நிறம் வந்திருந்தது, சொக்லேட் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தாள். காற்றில்லாத நாள். பேசிக்கொண்டே பழக்கத்தில் மின்விசிறிக்கு அடியில் வந்து நின்றாள். பிள்ளைகளின் கொப்பிக் கட்டைத் தள்ளிவைத்து, கதிரையை அவளுக்கு விட எழும்பினேன். அவ்வளவு அவசரமாக நான் எழும்பியது அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அக்கா என் தோளில் கை வைத்து மெதுவாக அமர்த்தினாள்.

"இரும் தங்கச்சி," என்றாள். "எழும்பாதையும்."