அரிசியோடு முப்பது கிலோ

துபாயில் வேலை கிடைத்துவிட்டது என்று தெரிந்ததும் எங்கள் வீட்டில் ஒரு நாள் முழுக்கச் சந்தோஷம். அதற்கப்புறம் ஒரு மாதம் பெட்டிச் சண்டைதான்.

நான் நர்ஸ். கும்பகோணத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நாலு வருடம் வேலை பார்த்துவிட்டுக் கிளம்பினேன். எனக்கு முன்னால் எங்கள் வீட்டில் யாரும் விமானம் ஏறியதில்லை. அதனால் ஆளாளுக்கு ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். டிக்கெட் போட்டுக் கொடுத்தவர் ஒரு தாளையும் சேர்த்துக் கொடுத்திருந்தார். பெரிய பெட்டி முப்பது கிலோ, கைப்பை ஏழு கிலோ, எதில் எதை வைக்கக் கூடாது என்று வரிசையாக அதில் இருந்தது. அதைக் குத்தாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சத்தமாக வாசித்தேன்.

அம்மா அந்தத் தாளைத் தன் மேல் போட்ட வழக்கு மாதிரியே எடுத்துக்கொண்டாள். நார்த்தங்காய் ஊறுகாய் கைப்பையில் கூடாது என்றேன். நெய் கூடாது என்றேன். எந்தத் தண்ணிச் சாமானும் நூறு மில்லிக்கு மேல் கைப்பையில் கூடாது என்றேன்.

"நெய்யி எப்படிடி தண்ணியாவும்? உறைஞ்சில்ல கெடக்கு?"

"அதுவும் கணக்குலதான் வரும்மா. பெரிய பெட்டியில வச்சுக்கலாம்."

"முழுக் கொப்பரை?"

"அது ரெண்டுலயும் கூடாது. எண்ணெய்ச் சத்து, தீப்பிடிக்குமாம்."

"நம்ம வீட்டுப் பரண்ல இத்தன வருஷமாக் கெடக்கு, ஒரு நாளாவது பிடிச்சிருக்கா?" என்றாள் அம்மா.

குருமாப் பொடியில் கசகசா போடாதே, அந்த நாட்டில் அது போதைப் பொருள் கணக்கு, பிடித்தால் ஜெயில் என்று சொன்னபோதுதான் அவள் கொஞ்சம் பயந்தாள். அன்று சாயங்காலமே பொடியைக் கொட்டிவிட்டுப் புதிதாக அரைத்தாள். நானும் ஒன்றும் உத்தமி இல்லை. கட்டுப்போடும் கத்தரிக்கோலைக் கைப்பையில் போட்டுவிட்டு, பவர் பேங்கைப் பெரிய பெட்டியின் அடியில் சொருகியிருந்தேன். தாளை மூன்றாம் தடவை வாசித்தபோதுதான் இரண்டும் தலைகீழ் என்று தெரிந்தது. சத்தம் போடாமல் இடம் மாற்றி வைத்தேன்.

அப்பா இதிலெல்லாம் தலையிடவில்லை. அவருக்கு ஒரே ஒரு சாமான்தான். ஐந்து கிலோ அரிசி.

அது எங்கள் அரிசி. அப்பாவுக்கு அப்பா அடுத்தவர் வயலில் அறுத்துக் கூலி நெல் வாங்கியவர். அப்பாவும் குத்தகைக்குப் பிடித்த நிலத்தில்தான் இத்தனை காலம் பாடுபட்டார். போன வருடம்தான் இரண்டு மா நிலம் எங்கள் பேரில் பட்டா ஆனது. அதில் சம்பாப் போகத்துக்குக் கிச்சிலிச் சம்பா போட்டு, தை மாதம் அறுத்து, அம்மா புழுக்கி, மெஷினில் கொடுத்து அரைத்த முதல் அரிசி.

"துபாய்ல அரிசி கெடைக்கும்பா. நம்ம ஊரு அரிசியே கடையில விக்கிதாம்" என்றேன்.

"விக்கட்டும். போயி எறங்கி மொதல்ல பொங்குற சோறு நம்ம வயல் சோறா இருக்கட்டும். அதுக்கு மேல நீ எதை வேணாத் தின்னு."

அப்பா அதிகம் கேட்கிறவர் இல்லை. என் படிப்புக்கு அலைந்தபோதுகூட என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. இந்த ஐந்து கிலோவைத்தான் கேட்டார். எனக்கு மனசு இளகினாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "அப்போ எடைக்கு நீங்கதான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டேன். பெட்டியை மாட்டித் தூக்கிப் பார்க்கிற சின்னத் தராசு ஆன்லைனில் கிடைக்கும், வாங்கிவிடலாம் என்று நான் சொன்னதற்குத்தான் அவருக்குக் கோபம் வந்தது. அறுவடைக் காலத்தில் அப்பா நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கி எடை போடுகிற ஆள். "நாள் பூரா எடை போடுறவன் வீட்டுல பொம்மைத் தராசு வாங்குவாங்களாம்" என்று அம்மாவிடம் முறையிட்டார்.

மாசி மாதம், கொள்முதல் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. ஒரு நாள் காலையில் வெறும் பெட்டியை மொபெட்டில் வைத்துக் கட்டிக்கொண்டு போனார். எதுக்குப்பா வெறும் பெட்டி என்று நான் கேட்டு முடிப்பதற்குள் வண்டி தெருவைத் தாண்டிவிட்டது. மறுநாள் நிரப்பிய பெட்டியோடு போனார். நெல் மூட்டைகளுக்கு நடுவில் என் ஊதாப் பெட்டியும் தராசில் ஏறியதை ஊரே பார்த்ததாம். திரும்பி வந்து ஒன்றரைக் கிலோ எடுக்கச் சொன்னார். ஒரு போர்வையை எடுத்தேன். மறுபடி போனார். வந்து பெட்டியின் பக்கவாட்டில் ஒரு காகிதத்தை ஒட்டி, மூட்டைக்கு எழுதுவது போலவே 30.000 என்று எழுதினார். "ஒரு பொட்டு கூடாது, ஒரு பொட்டு கொறையாது" என்றார்.

மத்தியான விமானம். விடியற்காலையில் கார் பிடித்துக் கிளம்பி, தஞ்சாவூர் தாண்டி, திருச்சி விமான நிலையத்துக்குப் பத்து மணிக்குப் போய்விட்டோம். வாசலில் துப்பாக்கியோடு நின்ற வடநாட்டுக் காவலர் என் டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் பார்த்துவிட்டு என்னை மட்டும் உள்ளே விட்டார். அப்பாவும் அம்மாவும் வெளியே கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்கள். நான் உள்ளே போகும்வரை பார்த்துவிட்டுத்தான் போவோம் என்றார்கள். நான் உள்ளேதான் இருந்தேன். அது அவர்களுக்குக் கணக்கில்லை.

கவுண்டரில் பெட்டியைத் தூக்கி வைத்தேன். எண்கள் கிடுகிடுவென்று ஏறி 34.6-ல் நின்றன.

"நாலரைக் கிலோ அதிகமா இருக்கு மேடம். எக்ஸ்ட்ராவுக்குக் காசு கட்டுறீங்களா, இல்ல ஓரமாப் போய்க் கொறச்சுட்டு வர்றீங்களா?" என்றாள் கவுண்டர் பெண்.

உங்கள் தராசு தப்பு என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் அந்த வெறும் பெட்டி ஞாபகம் வந்தது. முதல் நாள் அவர் எடுத்துக்கொண்டு போனது சாக்கு எடை பார்க்க! கொள்முதல் நிலையத்தில் நாற்பது கிலோ என்றால் நெல் நாற்பது கிலோ. சாக்கின் எடை தனி. அதை நெல்லோடு சேர்த்தால் விவசாயி வயிற்றில் அடித்த மாதிரி. அதே நியாயத்தை அப்பா விமானத்துக்கும் வழங்கிவிட்டார். சாமான் முப்பது, பெட்டி தனி. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். எங்கள் வீட்டு யானை என் பெட்டி மேலேயா சறுக்க வேண்டும்?

காசு கட்டுகிற நிலையில் நான் இல்லை. கைப்பையிலும் இடமில்லை, அது ஏற்கெனவே ஏழைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஓரமாகப் போய்த் தரையில் பெட்டியைத் திறந்தேன். மேலாகவே இருந்தது அரிசிப் பை. அதை எடுத்தால் ஒரே நிமிடத்தில் வேலை முடியும். ஐந்து கிலோ. மிச்சத்துக்கு நெய்கூட இன்னும் கொஞ்சம் வைக்கலாம். நாடாவைப் பிடித்து இழுத்தும்விட்டேன். பாதி வெளியே வந்தது.

கண்ணாடி வழியாக அப்பா தெரிந்தார். கையை நெற்றியில் வைத்து வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு உள்ளே தேடிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. அவர் மேல் கோபமாகவும் இருந்தது. அரிசியைத் திருப்பி வாங்கிக்கொள்கிற அவர் முகத்தை என்னால் பார்க்க முடியாது என்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

அரிசியை உள்ளே தள்ளினேன். படிக்கிற காலத்துத் தடிப் புத்தகங்கள் இரண்டு, ஆசையாக வாங்கிய புது ஷூ, மூன்று சுடிதார், குளிருக்கு என்று அம்மா திணித்த கம்பளி எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டேன். புத்தகங்களை விட மனசே இல்லை. ஓரங்களில் எல்லாம் என் கையெழுத்து. பெட்டியையும் தள்ளிக்கொண்டு வாசலுக்குப் போய், காவலரிடம் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கெஞ்சி, அப்பாவையும் அம்மாவையும் கூப்பிட்டேன்.

"இதெல்லாம் விட மாட்டாங்களாம்பா" என்று பையை நீட்டினேன். எடையைப் பற்றிப் பேசவே இல்லை.

அம்மா பைக்குள் எட்டிப் பார்த்தாள். "கத்தி, கத்தரிக்கோலுன்னா சரி. புஸ்தகத்தைக்கூடவா விட மாட்டான்?"

"தடிப் புத்தகம் விட மாட்டாங்கம்மா."

"கம்பளி?"

"கம்பளியும்தான்."

அப்பா கையை நீட்டினார். பையைக் கையில் வாங்கினார். ஒரு தடவை லேசாக மேலே தூக்கிக் கீழே இறக்கினார். மறுபடி ஒரு தடவை. அவர் முகம் மாறுவதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"நாலு கிலோ அறுநூறு இருக்கும் இது" என்றார். என் பெட்டியைப் பார்த்துவிட்டு, "பெட்டியையும் சேத்தா போட்டாங்க?" என்றார்.

"ஆமாம்பா."

"அரிசிய எடுத்துக் குடு. புஸ்தகத்தை வையி."

"மாட்டேன்."

"சொன்னாக் கேளும்மா."

"மொதல் சோறு நம்ம வயல் சோறுதான். புத்தகத்த வேகவச்சுத் திங்க முடியுமா?"

அம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அப்பா என்னைப் பார்க்காமல் காவலர் பக்கம் திரும்பினார். எடை விஷயத்தில் அப்பா தப்பை ஒத்துக்கொண்டு நான் கேட்டதே இல்லை. வீட்டிலும் சரி, கொள்முதல் நிலையத்திலும் சரி. அன்றைக்கு, தமிழ் ஒரு வார்த்தை தெரியாத அந்த மனிதரிடம், நெஞ்சில் கைவைத்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"தப்பு என்னோடது சார். சாக்கு எடைய நாந்தான் கழிச்சுட்டேன். புள்ள மேல தப்பு இல்ல. அது அரிசிய விட மாட்டேங்குது சார்."

காவலர் என்னையும் பார்த்து, அப்பாவையும் பார்த்து, பையையும் பார்த்தார். என்ன புரிந்ததோ, சரி சரி என்று இந்தியில், "டீக் ஹை, டீக் ஹை" என்று அப்பாவின் தோளில் தட்டிக்கொடுத்தார்.

அப்பாவுக்கு அது போதுமாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, "போ, இப்பச் சரியா முப்பது இருக்கும்" என்றார், பழைய அதிகாரத்தோடு.

நான் கவுண்டருக்குப் போய்ப் பெட்டியைத் தூக்கி வைத்தேன். எண்கள் ஓட ஆரம்பித்தபோது திரையைப் பார்க்கவில்லை. திரும்பி நின்று, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அப்பாவுக்குக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன்.